ஹாட்எண்டுக்குள் பழுத்துப்போன டெஃப்லான் குழாய்: எப்போது மாற்றுவது, எப்படி உட்கார வைப்பது

பாளையங்கோட்டையில் என் மேசைக்கு வரும் 3டி பிரிண்டர்களில் பாதிக்கு மேல் ஒரே புகாரோடுதான் வருகின்றன: பிளாஸ்டிக் ஒழுங்காக வரவில்லை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஃபிலமென்ட் ஓடுகிற அந்த 4 மில்லிமீட்டர் வெள்ளைக் குழாயின் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் கோளாறு இருக்கும். கொண்டுவருகிறவர்கள் என்னிடம் கேட்பதை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, அதன் கீழே பதிலை வைத்திருக்கிறேன். சூடு மேலே ஏறாமல் தடுக்கிற ஹீட் பிரேக் வழியாகக் குழாய் நாசில் வரை இறங்குகிற எண்டர் 3 வகை ஹாட்எண்டுக்கே இவை பொருந்தும். முழு உலோக ஹாட்எண்டைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, குழாயை உருவிப் பார்த்தேன், நுனி பழுப்பா இருக்கு. உடனே மாத்தணுமா?

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நுனியின் வடிவத்தைப் பாருங்கள்.

கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளிர் மஞ்சளாக மாறுவது வழக்கம்தான். அந்தப் பகுதி மணிக்கணக்கில் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உருகிய ஃபிலமென்டின் சாயமும் அதில் ஏறும். நுனி வட்டமாக, வெட்டு நேராக, உள்துவாரம் ஒழுங்காக இருந்தால் அந்தக் குழாய் இன்னும் வேலை செய்யும். புதுத் துண்டு ஃபிலமென்ட் ஒன்றை நுனிப் பக்கமிருந்து கையால் நுழைத்துப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் உள்சுவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றியே ஆக வேண்டிய அறிகுறிகள் வேறு. நுனி பூ விரிந்த மாதிரி அகலமாகியிருக்கும். அல்லது ஒரு பக்கம் நசுங்கி, துவாரம் நீள்வட்டமாகியிருக்கும். உள்ளே ஒரு வளையம் போலப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். நிறம் சுக்குக் காப்பி அளவுக்குக் கறுத்து, நகத்தால் கீறினால் பொடி உதிரும். கடைசியாகச் சொன்னது இருந்தால் வடிவம் எப்படி இருந்தாலும் அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழாய் அது தாங்கக்கூடியதை விட அதிகச் சூட்டைப் பார்த்திருக்கிறது.

நீல நிறக் குழாய் போட்டிருப்பவர்கள் நிறத்தை நம்பவே முடியாது, அதில் பழுப்பு தெரியாது. அவர்களுக்கு நுழைத்துப் பார்ப்பதுதான் வழி.

எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்? மெஷின் 260 வரை போகுதே.

மெஷின் அனுமதிக்கிற எண் வேறு, குழாய் பத்திரமாக இருக்கிற எண் வேறு. பல மெஷின்களில் மார்லின் ஃபர்ம்வேர் இருக்கும். அதில் உச்ச வரம்பை 275 என்று வைத்தால், 15 டிகிரி கழித்து 260 வரைதான் திரையில் வைக்க விடும். அந்த 260 ஹீட்டர் கட்டுமீறிப் போகாமல் இருக்க வைத்த வேலி. குழாய்க்காக வைத்தது இல்லை.

டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே மெதுவாகிவிடும். மெதுவான குழாயை, அதைப் பிடித்து நிறுத்துகிற கப்ளர் மேலிருந்து அழுத்துகிறது, கீழிருந்து நாசில் தாங்குகிறது. நடுவில் அது நசுங்காமல் என்ன செய்யும்? தொடர்ந்து ஓட்டுவதற்கு 240 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பி.எல்.ஏ. 200, 210-ல் ஓடுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. 245, 250 என்று வைத்து பி.இ.டி.ஜி. ஓட்டுகிறவருக்குத்தான் நுனி சீக்கிரம் போகும்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷின் திடீர்னு டக் டக்னு சத்தம் போடுது, அடுக்கெல்லாம் மெலிசா வருது. நாசிலை மாத்திட்டேன், அப்பவும் அதே கதை.

இதே கதையோடு ஆனி மாதம் ஒரு தம்பி வந்தார். நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு முன்னால் விற்க, உள்ளங்கை அளவில் சின்னத் தேர் பொம்மைகளை மஞ்சள் பி.எல்.ஏ.வில் அடித்துக்கொண்டிருந்தார். முதல் சில தேர்கள் அழகாக வந்தன. அப்புறம் தூண்களின் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது, எக்ஸ்ட்ரூடர் டக் டக் என்று பின்னால் துள்ளியது. நாசில் அடைப்பு என்று நினைத்து மூன்று நாசில் மாற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் அரை நாள் சரியாக ஓடி, மறுபடி அதே சத்தம்.

முதலில் எவ்வளவு ஃபிலமென்ட் போகிறது என்று அளந்தோம். எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து 120 மில்லிமீட்டர் மேலே ஃபிலமென்டில் பேனாவால் ஒரு கோடு போட்டு, 100 மில்லிமீட்டர் தள்ளச் சொன்னோம்:

```
M109 S210
M83
G1 E100 F100
```

F100 என்றால் நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர், அதாவது மிக நிதானமான வேகம். முழுதாகப் போயிருந்தால் கோட்டுக்கும் வாய்க்கும் நடுவே 20 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது 31. இந்த மெதுவான வேகத்திலேயே 11 மில்லிமீட்டர் போகவில்லை என்றால் வழியில் எதுவோ குறுக்கே நிற்கிறது.

சூட்டோடு குழாயை உருவினோம். நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுத்த பழுப்பு. வெட்டு சாய்வு, கத்தரிக்கோலால் வெட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. உதடு ஒரு பக்கம் வெளியே மடங்கியிருந்தது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, உதட்டைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்ததோ மஞ்சள்.

“பச்சை எப்போ ஓட்டுன?” என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் தோட்டத்துச் சொட்டு நீர்க் குழாய்க்கு இணைப்புத் துண்டுகள் அடித்தாராம், பச்சை பி.இ.டி.ஜி., 250 டிகிரி. அந்த வேலையில்தான் நுனி மெதுவாகி மடங்கியது. சாய்வான வெட்டால் குழாய்க்கும் நாசிலுக்கும் நடுவே முன்பே ஓர் இடைவெளி இருந்தது. 4 மில்லிமீட்டர் குழாயைப் பத்து டிகிரி சாய்த்து வெட்டினால் ஒரு பக்கம் 0.7 மில்லிமீட்டர் குறையும். அந்தப் பள்ளத்தில் உருகிய பச்சை புகுந்து வளையமாக உறைந்தது. பி.எல்.ஏ. சூட்டில் அது சரியாக இளகாது.

அன்றைக்கே ஏன் தெரியவில்லை? இணைப்புத் துண்டு முழு உருளை, அதில் ரிட்ராக்‌ஷன் குறைவு. தேரில் அப்படி இல்லை. ஒவ்வொரு அடுக்கிலும் தூணிலிருந்து தூணுக்கு நாசில் தாவுகிறது, தாவும்போதெல்லாம் ஃபிலமென்ட் 5 மில்லிமீட்டர் பின்னால் இழுக்கப்படுகிறது. 6 சென்டிமீட்டர் உயரம், 0.2 அடுக்கு என்றால் 300 அடுக்கு. அடுக்குக்கு 60 முறை என்று வைத்தாலும் ஒரு தேருக்கு 18,000 இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் இளகிய மஞ்சள் அந்தப் பச்சை வளையத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வழியைக் குறுக்கியது. புது நாசிலில் அரை நாள் சரியாக ஓடியதற்கும் காரணம் இதுதான். நாசிலைக் கழற்றி மாட்டும்போது அந்த அடைப்பு கொஞ்சம் கலையும், அப்புறம் மறுபடி சேரும்.

நுனியை 2 சென்டிமீட்டர் வெட்டி எறிந்து, கீழே சொல்லும் விதத்தில் உட்கார வைத்தோம். அதே சோதனையில் மிச்சம் 20-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. தேர்களும் சத்தமில்லாமல் முடிந்தன.

அப்போ புதுக் குழாய் வாங்காம நுனியை வெட்டிட்டாப் போதுமா?

நீளம் மிச்சம் இருந்தால் போதும். எக்ஸ்ட்ரூடர் இடது பக்கம் இருக்கிற மெஷினில், ஹாட்எண்டை வலது கோடிக்கு நகர்த்திப் பாருங்கள். அங்கே குழாய் தொய்வாக வளைந்து நின்றால் இரண்டு சென்டிமீட்டர் வெட்டலாம். விறைத்து நின்றால் வெட்டாதீர்கள். விறைத்த குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் கப்ளரை மேலே இழுத்து மறுபடி இடைவெளி உண்டாக்கும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், வயர் கட்டரும் வேண்டாம். இரண்டும் வெட்டுவதற்கு முன்னால் நசுக்கும். குழாய் வெட்டும் கட்டர் கிடைக்கவில்லை என்றால் புது ஷேவிங் பிளேடு போதும். 4 மில்லிமீட்டர் துளையும் அதற்குச் செங்குத்தாக ஒரு பிளேடு பிளவும் உள்ள சின்னக் கட்டை ஒன்றை உங்கள் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம். குழாயைத் துளையில் விட்டு, பிளவில் பிளேடை இறக்கி ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் வெட்டு சாயும். வெட்டிய முனையை மேசையில் நிறுத்திப் பாருங்கள். நேராக நின்றால் சரி.

இன்னொன்று: நாசில் பக்க முனையின் துவாரத்தைக் கத்தி முனையால் அகலப்படுத்தாதீர்கள். அகலப்படுத்தினால் அங்கேயே ஒரு பள்ளம் உண்டாகிவிடும். எக்ஸ்ட்ரூடர் பக்க முனையில் கொஞ்சம் அகலப்படுத்துவது ஃபிலமென்ட் நுழைய உதவும். அது வேறு முனை.

பழைய குழாய் வெளியே வரவே மாட்டேங்குது. இழுத்தா அறுந்துரும் போல இருக்கு.

ஆறிய நிலையில் இழுக்கிறீர்கள். நுனியில் பிளாஸ்டிக் குமிழ் கட்டியிருந்தால் ஆறிய நிலையில் அது ஹீட் பிரேக்கின் துளையை விடப் பெரிதாக நிற்கும். பி.எல்.ஏ. ஓட்டியிருந்தால் 200, பி.இ.டி.ஜி. ஓட்டியிருந்தால் 230 டிகிரி வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். ஃபிலமென்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, உடனே வேகமாக வெளியே இழுத்துவிடுங்கள். அப்புறம் கப்ளரின் நீலக் கிளிப்பை எடுத்து, கப்ளரின் பிளாஸ்டிக் வளையத்தைக் கீழே அழுத்திக்கொண்டே குழாயை மேலே இழுங்கள். வளையத்தை அழுத்தாமல் இழுத்தால் அதன் பற்கள் குழாயைக் கடித்துக்கொண்டு விடாது, குழாயிலும் கீறல் விழும்.

குழாய் வந்ததும் நாசிலையும் சூட்டோடு கழற்றுங்கள். 6 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். ஹீட்டர் பிளாக்கை இன்னொரு ஸ்பேனரால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் மெல்லிய ஹீட் பிரேக் முறுக்கிக்கொள்ளும். சூட்டை அளக்கிற தெர்மிஸ்டரின் வயர் மேல் ஸ்பேனர் படக் கூடாது; அது முடி மாதிரி மெல்லிசு. அப்புறம் பழைய குழாயின் நல்ல துண்டு ஒன்றை மேலிருந்து விட்டுத் தள்ளினால் உள்ளே மிச்சம் இருக்கிற பிளாஸ்டிக் கீழே வரும். மேலிருந்து போன் டார்ச்சைப் பிடித்துக் கீழிருந்து பாருங்கள். துளையின் சுவரில் ஒட்டல் எதுவும் இல்லாமல் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

இப்போ புதுக் குழாயை எப்படி உட்கார வைக்கணும்? கடைசி வரைக்கும் தள்ளிட்டா முடிஞ்சுதா?

தள்ளினால் மட்டும் முடியாது. குழாய் நாசிலோடு ஒட்டி நிற்பது ஒன்று, அந்த ஒட்டல் பத்தாயிரம் இழுப்புக்குப் பிறகும் விலகாமல் இருப்பது இன்னொன்று. கப்ளரின் பற்களுக்கு எப்போதும் ஒரு சின்ன ஆட்டம் உண்டு. குழாயை மேலே இழுத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டராவது நகரும். அந்த ஆட்டத்தை முதலிலேயே தின்றுவிட வேண்டும்.

230 டிகிரியில் நாசிலை முழுவதும் திருகுங்கள். உள்ளே ஹீட் பிரேக்கின் அடிமுகத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டிய பிறகு நாசிலின் அறுகோணத் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். தலை பிளாக்கில் ஒட்டிவிட்டால் உள்ளே நாசில் ஹீட் பிரேக்கைத் தொடவில்லை என்று அர்த்தம். ஹீட் பிரேக்கைக் கொஞ்சம் உள்ளே திருகிவிட்டு மறுபடி பாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் பிளாக்கின் மேல் பக்கத்தில் பிளாஸ்டிக் கசிந்து கட்டியாகும்.

இனி நாசிலை அரைச் சுற்று பின்னால் எடுங்கள். நாசிலின் மரை எம்6, ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். அரைச் சுற்று என்றால் அரை மில்லிமீட்டர்.

குழாயை மேலிருந்து அழுத்தமாகத் தள்ளுங்கள். முட்டியது கையில் தெரியும். முட்டிய இடத்தில் கப்ளர் விளிம்பை ஒட்டிக் குழாயில் பேனாக் கோடு போடுங்கள். ஒரு கையால் குழாயைக் கீழே அழுத்திக்கொண்டே, மறு கையால் கப்ளர் வளையத்தை மேலே தூக்கி நீலக் கிளிப்பை மாட்டுங்கள். வளையம் தூக்கிய நிலையில் கிளிப் மாட்டினால்தான் ஆட்டம் போகும்.

கடைசியாக அந்த அரைச் சுற்றை மறுபடி இறுக்குங்கள். கிளிப் குழாயை மேலே விடாது. நாசில் கீழிருந்து ஏறும். நடுவில் குழாய் கொஞ்சம் அழுந்திக்கொண்டு எந்த இடைவெளியும் இல்லாமல் நிற்கும். இறுக்குவதற்குக் குட்டி ஸ்பேனரின் நுனியை இரண்டு விரலால் தள்ளுகிற அளவு பலம் போதும். முழங்கையை உபயோகித்தால் பித்தளை மரை போய்விடும்.

இதைச் சூட்டில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அலுமினியப் பிளாக் பித்தளை நாசிலை விட அதிகமாக விரியும். ஆறிய நிலையில் இறுக்கமாக இருக்கிற நாசில் சூடானதும் தளர்ந்துவிடும்.

ஒழுங்கா உட்கார்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?

பேனாக் கோட்டைப் பாருங்கள். நிறைய ரிட்ராக்‌ஷன் உள்ள ஒரு பொருளை ஒரு மணி நேரம் அடித்த பிறகும் கோடு கப்ளர் விளிம்பிலேயே இருந்தால் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. கோடு மேலே ஏறியிருந்தால் கப்ளரின் பற்கள் தேய்ந்துவிட்டன. குழாயை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, கப்ளரை மாற்றுங்கள். ஹாட்எண்ட் பக்கம் பெரும்பாலும் எம்10 மரை, எக்ஸ்ட்ரூடர் பக்கம் எம்6. வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சித்திரை வெயில்லதான் என் மெஷின் அடைக்குது. இதுவும் குழாய்தானா?

இருக்கலாம், ஆனால் முதலில் ஹீட் சிங்க்கின் சின்ன விசிறியைப் பாருங்கள். நம் ஊரில் கோடையில் அடைத்த அறை 38 டிகிரிக்கு எளிதாகப் போகும். விசிறியில் தூசி அடைத்திருந்தால் சூடு மேலே ஏறி, பி.எல்.ஏ. ஹீட் சிங்க்குக்குள்ளேயே இளகிவிடும். பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கத்திலேயே மெதுவாகிற பொருள்.

எங்கே அடைத்தது என்பதை இழுத்த ஃபிலமென்டின் நுனி சொல்லிவிடும். குமிழ் நுனியிலேயே இருந்தால், குழாய்க்கும் நாசிலுக்கும் நடுவில் இடைவெளி. நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஃபிலமென்ட் தடித்திருந்தால், சூடு மேலே ஏறுகிறது. விசிறியைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள், குழாயை விட்டுவிடுங்கள்.

முழு உலோக ஹீட் பிரேக் போட்டா இந்தத் தொல்லையே இருக்காதா?

குழாய் கருகுகிற தொல்லை இருக்காது. அதில் குழாய் சூடான பகுதிக்கு மேலேயே நின்றுவிடும், நாசிலைத் தொடாது. அதனால் நான் சொன்ன அரைச் சுற்று வித்தை அதற்கு வேண்டாம். குழாயை அதன் படி வரை தள்ளிக் கிளிப் மாட்டினால் போதும். ஆனால் பி.எல்.ஏ.வுக்கு ரிட்ராக்‌ஷன் நீளத்தைக் குறைக்க வேண்டிவரும். குறைக்காவிட்டால் இளகிய பிளாஸ்டிக் குளிர்ந்த பகுதிக்கு ஏறி அங்கே ஒட்டும். பி.எல்.ஏ. மட்டும் ஓட்டுகிறவருக்கு டெஃப்லான் இறங்குகிற ஹாட்எண்டே சுலபம் என்பது என் அபிப்பிராயம். 240-க்கு மேல் தினமும் ஓட்டுகிறவர் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்ல கிளி வளர்க்கிறோம். குழாய் கருகினா புகை ஆபத்தா?

ஆம், பறவைகளுக்கு மிக ஆபத்து. அளவுக்கு மீறிச் சூடான டெஃப்லானிலிருந்து வரும் வாயு மனிதருக்குக் காய்ச்சல் மாதிரிப் படுத்தும், பறவைகளின் நுரையீரலுக்கு அது தாங்காது. நான்-ஸ்டிக் தோசைக்கல்லைக் காய விட்ட வீடுகளிலும் இதே காரணத்தால் கூண்டுக் கிளிகள் செத்திருக்கின்றன. சாதாரண பி.எல்.ஏ. சூட்டில் அந்த நிலை வராது. வருவது தெர்மிஸ்டர் பிளாக்கிலிருந்து கழன்று, திரையில் 200 காட்டும்போதே உண்மைச் சூடு எங்கோ ஏறும்போதுதான். குழாய் மாற்றும் நேரத்தில் தெர்மிஸ்டர் திருகைக் கையோடு சரிபார்த்துவிடுங்கள். பிரிண்டர் இருக்கும் அறையில் கூண்டை வைக்கவே வைக்காதீர்கள். எரிந்த வாடை வந்தால் சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, முதலில் கூண்டை வெளியே கொண்டுபோங்கள்.